திருட்டுப் படத்த சைட்லேந்து தூக்கி டேக்டவுன் பண்ணித் தரோம்னு டிஎம்ல வர்றவங்ககிட்ட காசு குடுக்காதீங்க

படம் வரையிறவங்க கண்டிப்பா படிங்க. நான் வரைஞ்ச அய்யனார் குதிரை படத்த எவனோ என் பேஜ்லேந்து எடுத்து, ஓரத்துல இருந்த என் கையெழுத்த அழிச்சிட்டு, டி-ஷர்ட்ல பிரிண்ட் போட்டு விக்கிற ஒரு அமெரிக்க சைட்ல ஏத்தி வித்துட்டு இருந்தான். அத பத்தி நான் ஸ்டோரி போட்ட கையோட ஒரு ஏஜென்சி மெசேஜ் பண்ணாங்க, ஆறாயிரம் ரூபா கட்டுங்க, 24 மணி நேரத்துல தூக்கிடுவோம்னு. கட்டுனேன். ஒரு வாரம் ஆகியும் படம் அங்கயே இருக்கு, கேட்டா கேஸ் லீகல் ஸ்டேஜுக்கு போயிருச்சு இன்னும் பணம் வேணும்ங்கிறாங்க.

சைட்டுக்கு அனுப்புன நோட்டீஸ காட்டுங்கன்னு சண்டை போட்டு வாங்கி பாத்தா வயிறு எரிஞ்சிருச்சு. சாதா சப்போர்ட் மெயிலுக்கு நாலு வரி. திருடன் கடையோட முகப்பு லிங்க் மட்டும் குடுத்திருக்காங்க, அந்த கடையில நூத்துக்கணக்குல டிசைன் கெடக்கு, எது என்னோடதுன்னு சைட்காரன் எப்படி கண்டுபிடிப்பான்? என் ஒரிஜினல் லிங்க் இல்ல, கையெழுத்தும் இல்ல. விவரம் பத்தலன்னு சைட்லேந்து பதில் வந்திருக்கு, அத என்கிட்ட மறைச்சிருக்காங்க.

இதுக்கு ஒரு பைசா ஆகாதுங்க. அமெரிக்காவோட டிஎம்சிஏங்கிற காப்பிரைட் சட்டம் 512-வது பிரிவுலயே நோட்டீஸ்ல என்னென்ன வேணும்னு இருக்கு. உங்க ஒரிஜினல் எது, திருட்டு காப்பி இருக்கிற சரியான பக்கத்தோட லிங்க், உங்க அட்ரஸ், போன், மெயில், இந்த உபயோகத்துக்கு அனுமதி இல்லன்னு நல்லெண்ணத்தோட நம்புறேன்னு ஒரு வரி, சொன்ன விவரம் சரி, நான்தான் உரிமைக்காரர் இல்லன்னா அவர் சார்பா பேச அதிகாரம் உள்ளவர்னு, பொய்ன்னா தண்டனைக்கு உட்படுறேன்னு ஒரு வரி, கடைசில கையெழுத்து, மெயில்னா முழுப் பேர டைப் பண்ணாலே பெரும்பாலும் ஏத்துக்குவாங்க. யாருக்கு அனுப்பணும்னா dmca.copyright.gov/osp ல சைட் பேர தேடுனா இந்த மாதிரி நோட்டீஸ் வாங்குறதுக்குன்னே அவங்க பதிவு பண்ணி வச்சிருக்கிற ஏஜென்ட் மெயில் கிடைக்கும். நானே எழுதி அங்க அனுப்புனேன், அந்த வாரமே தூக்கிட்டாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி கடை பேர், விலை, லிங்க் எல்லாம் தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருங்க, தூக்குனப்புறம் அந்த பக்கமே இருக்காது.

ஏஜென்சி சொல்லாத இன்னொரு விஷயம், நோட்டீஸ சைட்காரங்க அப்படியே திருடனுக்கும் ஃபார்வர்ட் பண்ணலாம், அதனால வீட்டு அட்ரஸ் குடுக்கிறத யோசிங்க, ஆபீஸ் அட்ரஸ் இருந்தா அத போடுங்க. தப்பா தூக்கிட்டீங்கன்னு அவன் பதிலுக்கு கவுன்ட்டர் நோட்டீஸ் குடுத்தா, நீங்க கோர்ட்ல கேஸ் போட்டு சைட்டுக்கு தெரியப்படுத்தலன்னா 10லேந்து 14 வேலை நாள்ல படம் திரும்ப ஏறிரும். "நிரந்தரமா தூக்கிடுவோம்"னு எவன் கேரண்டி குடுத்தாலும் பொய்தான்.

நான் பணத்த திருப்பி கேட்டதும் பிளாக் பண்ணிட்டாங்க. இப்ப வேற பேர்ல அதே மெசேஜ் வருது, என்கூட வரையிற ஒரு பொண்ணுக்கு நேத்து வந்துச்சு, ரேட் மட்டும் ஏத்திருக்காங்க.