கேமரா, மைக் செட், ஏணி: எதை வாடகைக்கு விடலாம்?

இந்த மூன்றையும் வாடகைக்கு விட்டுப் பார்த்துவிட்டேன். எது நாளுக்கு எவ்வளவு தரும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். இப்போது வேறொன்றைப் பார்க்கிறேன்: திரும்பி வந்த பொருளை வாசலில் வைத்தே பத்து நிமிஷத்தில் சோதித்து, “சரி, அட்வான்ஸைப் பிடியுங்கள்” என்று தைரியமாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேமராவில் அது முடிவதில்லை. 60,000 ரூபாய் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றின் ஷட்டர் 1,50,000 படம் வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்குத் தேய்மானம் 40 பைசா. வரவேற்பு, முகூர்த்தம் என்று இரண்டு நாள் கல்யாணத்தில் 4,000 படம் சுலபமாக எடுத்துவிடுவார்கள். 1,600 ரூபாய் தேய்ந்துவிட்டது. நாளுக்கு 1,500 வீதம் வந்த 3,000 ரூபாயில் பாதிக்கு மேல் போச்சு. அதனால் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரு படம் எடுத்து, ஷட்டர் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நிக்கான் கேமராக்களில் பெரும்பாலும், படத்தைக் கணினியில் ஏற்றி exiftool மென்பொருளில் இந்தக் கட்டளை கொடுத்தாலே போதும்:

```
exiftool -ShutterCount DSC_0001.NEF
```

எண் தெரிந்தாலும் மற்ற சேதம் பிறகுதான் கண்ணில் படும். லென்ஸின் துவாரத்தை f/16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும்; அதைத் துடைத்துக்கொள்ளலாம். டி.ஜே. மேடை லேசர் நேராக லென்ஸுக்குள் அடித்திருந்தால் சென்சாரில் விழும் கோடு போகவே போகாது. ஈரப் பையில் கிடந்த லென்ஸில் பூஞ்சை படர்வது தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அட்வான்ஸ் திரும்பிப் போயிருக்கும். கையில் அடங்கும் பொருள், விற்பதும் எளிது என்பதால் திரும்பி வராமலே போகும் பயம் வேறு.

மைக் செட் அப்படியில்லை, கூடவே போகலாம். பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, சின்ன மிக்சர், மைக் இரண்டு. பிறந்தநாள், சீமந்தம் போன்ற வீட்டு விசேஷத்துக்கு ஒரு மாலைக்கு 2,000 வாங்குகிறேன், நானே போய் இயக்குவதும் அதில் சேர்த்தி. ஒருமுறை நேரமில்லாமல் பெட்டிகளை மட்டும் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்ததும் ஒரே பாட்டை இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். இடது பெட்டியில் ஜால்ரா சத்தம் கணீரென்று இருந்தது. வலது பெட்டியில் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி அமுங்கிக் கேட்டது. மேல்ஸ்தாயி டிரைவர் எரிந்துவிட்டது. சத்தம் போதவில்லை என்று மிக்சரைத் திருகிக்கொண்டே போயிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் ஒலியலையின் முனை வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். அப்போது அந்த டிரைவருக்குள் முடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் சூடாகிக் கருகிவிடும். ஆள் கூட இருந்திருந்தால் ஒரு திருகில் தீர்ந்திருக்கும்.

இன்னொரு ஆபத்து ஜெனரேட்டர் கரண்ட். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 400 வரை ஏறலாம். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் நான் பிளக்கைச் சொருகுவதே இல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. அட்வான்ஸ் வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பதே முக்காலுக்குச் சொன்னால் சண்டைதான் வரும்.

ஏணியைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். சமதரையில் படுக்கப் போடுங்கள். ஒரு மூலை தூக்கி ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. காலடி ரப்பரும் ரிவெட்டும் பார்த்தால் முடிந்தது. பொருளுக்குச் சேதம் குறைவு, ஆனால் ஏறுகிற ஆளுக்கு ஆபத்து. நாளுக்கு 150 ரூபாய்க்காக அலுமினிய ஏணியைக் கொடுத்து, அதை அவர்கள் மாடிப் பக்கம் போகும் மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்தினால்? எங்கே சாத்தப் போகிறார்கள் என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. 12 அடி உயரத்தில் சாத்தினால் அடிப்பக்கம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுக்கிறேன். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரம் கடத்தாத ஃபைபர் ஏணியைக் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்புறம் காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கேமரா தூங்கும். ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள், மைக் செட்டுக்கு ஓய்வே கிடையாது. மார்கழியில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க ஏணி கேட்டு வருகிறார்கள்.

இப்போது கேமராவைத் தெரிந்த இரண்டு போட்டோகிராபர்களுக்கு மட்டும் தருகிறேன். மைக் செட் என்னோடு மட்டுமே போகும். கையில் மிச்சப் பணம் வந்தால் அடுத்து வாங்கப் போவது ஃபைபர் ஏணி. மார்கழியில் நான் திருப்பி அனுப்பியவர்களே அதற்குப் போதும்.