பேட்டரி போய்விட்டது என்றார்கள், நம்பி 1,850 ரூபாய் கொடுத்தேன்

நேற்று ராத்திரிதான் உண்மை தெரிந்தது. வயிறு எரிகிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரமாக என் போனில் ராத்திரி மட்டும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. 11 மணிக்கு 82 சதவீதத்தில் வைத்துவிட்டுப் படுப்பேன், காலை 6 மணிக்கு 39. பகலில் பெரிதாகக் குறை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் வேண்டாம்.

அந்தப் பையன் பேசிய விதத்தில்தான் விழுந்தேன். பின்மூடியைச் சூடு காட்டிக் கழற்றினான், பேட்டரியை விரலால் லேசாக அமுக்கிக் காட்டினான். "பாருங்கக்கா, உப்பிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் விட்டா டிஸ்பிளேவையே தூக்கிடும்." எனக்கு ஒன்றும் உப்பியதாகத் தெரியவில்லை. ஆனால் "அக்கா, என் சொந்த அக்காவா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்" என்றான் பாருங்கள், அதோடு பர்ஸைத் திறந்துவிட்டேன். 1,850 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு.

அன்று ராத்திரி 80-இல் வைத்தேன். காலையில் 36!

போய்க் கேட்டால், "புது பேட்டரி செட் ஆக மூணு நாள் ஆகும்க்கா." மூன்று நாள் கழித்துப் போனால், "நெட்டை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்க." மூன்றாவது தடவை அந்தப் பையன் தலையே நிமிரவில்லை. முதலாளிதான், "போர்டுல ஷார்ட் இருக்கும்மா, 3,500 ஆகும்" என்றார். பழைய பேட்டரியையாவது கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டாச்சாம்.

நேற்று வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகளிடம் புலம்பினேன். "அத்தை, போனைக் கொடுங்க" என்று வாங்கி, Settings, Battery, Battery usage என்று மூன்றே தட்டு. இரண்டிரண்டு மணி நேரமாகக் கட்டம் கட்டி ஒரு படம் வந்தது. நான் தூங்கிய 12-லிருந்து 6 வரை மூன்று கட்டத்திலும் சார்ஜ் ஒரே வேகத்தில் இறங்கியிருக்கிறது. தொடாத போனில் அது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டுமாம். 2 மணி முதல் 4 மணி வரையுள்ள கட்டத்தைத் தொட்டாள். அந்த நேரத்தில் செலவான சார்ஜில் 86 சதவீதம் ஒரே ஒரு ஆப். உள்ளே போனால், திரையில் ஓடியது 0 நிமிடம், பின்னணியில் ஓடியது 1 மணி 58 நிமிடம்.

எது தெரியுமா? என் மகனின் பழைய பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்! பள்ளி மாறி ஒரு வருஷம் ஆகிறது. அதைப் போட்ட அன்று, லொகேஷனை எப்போதும் அனுமதியுங்கள், பேட்டரியை Unrestricted என்று வையுங்கள் என்று கேட்டது, நானும் வைத்தேன். சும்மா கிடக்கும் போன் தூங்கப் போகும்போது மற்ற ஆப்களையும் அடக்கிவிடும். இதற்கு நானே விலக்கு கொடுத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் அது தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. வேன் ஷெட்டில் தூங்குகிறது, இது மட்டும் ராத்திரி முழுக்க போனை எழுப்பி எழுப்பி இடம் தேடியிருக்கிறது.

அந்தக் கணக்கு போனே போடும் மதிப்பீடுதான், அதை மட்டும் நம்பக்கூடாது என்று அவளே சொன்னாள். அதனால் ஆப்பை அழிக்காமல் Restricted என்று மட்டும் மாற்றிவிட்டுப் படுத்தேன். 81-இல் வைத்தது, இன்று காலை 77. அவ்வளவுதான் விஷயம். இதற்கா 1,850 ரூபாய்?

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இரண்டு மட்டும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் சார்ஜரைச் செருகாமல் முதலில் அந்த Battery usage பக்கத்தைப் பாருங்கள். பல போன்களில் முழு சார்ஜ் ஏறியதும் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். நானும் ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன், 100 ஏற்றிய பிறகு. ஒன்றுமே இல்லை. இன்னொன்று, அதில் தெரியும் 86 என்பது மொத்த பேட்டரியில் 86 அல்ல, செலவானதில் பங்கு. ராத்திரி மொத்தமே 3 சதவீதம் இறங்கியிருந்தால் முதலிடத்தில் எது இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

பேட்டரியே கெட்டுப் போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது 30-இல் இருந்து திடீரென்று 10-க்குத் தாவும், 20 இருக்கும்போதே அணைந்துபோகும், எந்த ஆப் மேலும் பழி விழாது. என் போனில் இதில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பையன் கேட்கவும் இல்லை.

கடை பத்து மணிக்குத் திறக்கும். துண்டுச் சீட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.