ஏணியா, ஈலோவா? எங்கள் கேரம் கிளப்பில் வரிசை மாறிய கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறை, இரண்டு போர்டு, ஞாயிறு மாலையில் கூடும் 14 பேர். அதில் பாதிப் பேர் கொலுசுப் பட்டறைக்காரர்கள். சுவரில் ஒரு பலகை, 14 ஆணி, ஆணிக்கு ஒரு அட்டை, அட்டையில் ஆளின் பெயர். எங்கள் தரவரிசை அவ்வளவுதான். இதற்கு ஏணி முறை என்று பெயர். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைச் சவாலுக்கு அழைத்து ஜெயித்தால் அவர் இடத்தில் ஏறிக்கொள்ளலாம். நடுவில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு ஆணி இறங்குவார்கள்.

கணக்கே தேவையில்லை என்பதுதான் ஏணியின் அழகு. ஒரு ஞாயிறு 12-ஆம் ஆணித் தம்பி மூன்றாம் ஆணி அண்ணனை ஜெயித்தான். அண்ணனுக்கு அன்று ஜுரம். தம்பி நேராக மூன்றாம் ஆணிக்குப் போனான், அண்ணன் நான்குக்கு இறங்கினார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான்கிலிருந்து பதினொன்று வரை இருந்த எட்டுப் பேர், ஸ்டிரைக்கரைத் தொடாமலேயே ஒரு படி கீழே போனார்கள். "நான் இன்னிக்கு வரவே இல்லையே, என்னை ஏன்பா இறக்கினீங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. மூன்று படிக்கு மேல் சவால் விடக்கூடாது என்று விதி போட்டால் சேதம் குறையும். ஆனால் நன்றாக ஆடும் புது ஆள் மேலே வர மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம்தான் ஈலோ முறைக்கு வந்தோம். அர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ்ஸுக்காக உருவாக்கியது. உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-இல் எடுத்துக்கொண்டது. இதில் யாருக்கும் படி கிடையாது, புள்ளிதான். யார் யாரை ஜெயித்தார் என்பதைப் பொறுத்துப் புள்ளி கைமாறும். 200 புள்ளி அதிகம் உள்ளவர் நான்கு ஆட்டத்தில் சுமார் மூன்றை ஜெயிப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தபடி ஜெயித்தால் கொஞ்சம்தான் வரும், எதிர்பாராமல் ஜெயித்தால் நிறைய வரும்.

சூத்திரத்தில் அடுக்குக்குறி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 20 புள்ளி என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போதும். அடிப்படை 10, வித்தியாசத்தில் ஒவ்வொரு 40-க்கும் ஒன்று. கீழே இருப்பவர் ஜெயித்தால் கூட்டிக்கொள்ளுங்கள், மேலே இருப்பவர் ஜெயித்தால் கழித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 280 வரை, உண்மையான சூத்திரத்துக்கும் இதற்கும் அரைப் புள்ளிக்கு மேல் பிசகாது.

அதே ஜுர ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். அண்ணன் 1620, தம்பி 1380. வித்தியாசம் 240, அதில் ஆறு நாற்பது. ஆக 16 புள்ளி கைமாறும்: தம்பி 1396, அண்ணன் 1604. மற்ற 12 பேரின் புள்ளி அப்படியே நிற்கும். ஒரு நாள் ஜுரத்துக்கு இதுதான் சரியான விலை.

கேரமுக்கு ஒரு எச்சரிக்கை. காய் அடுக்கி ஒரு தடவை ஆடி முடிப்பதுதான் ஒரு போர்டு; ஒவ்வொரு போர்டு முடிவையும் புள்ளியாக்காதீர்கள். பிரேக் அடிப்பவருக்கு வெள்ளைக் காயும் முதல் அடியும் கிடைக்கிறது. நல்ல கை ஒரே மூச்சில் ஒன்பதையும் போட்டு எழுந்துவிடும். பிரேக் போர்டுக்குப் போர்டு மாறுவதால், 25 பாயிண்ட் அல்லது எட்டுப் போர்டு என்ற முழு ஆட்டத்தை ஒரு முடிவாக எடுத்தால்தான் அந்தச் சாதகம் ஓரளவு சமமாகும். நாங்கள் முதல் மாதம் போர்டு போர்டாக எழுதி, நோட்டையே கிழித்துப் போட்டோம்.

ஈலோ இடறுகிற இடம் புது ஆள். எல்லோரையும் போல அவரையும் 1500-இல் உட்கார வைத்தோம். ஆத்தூரிலிருந்து வந்த ஒருவர் உண்மையில் அதைவிடப் பல படி மேல். அவர் தன் இடத்துக்கு ஏறும்வரை, தோற்றவர்கள் பாவம், சம ஆளிடம் தோற்றதாகக் கணக்காகிப் புள்ளியை இழந்தார்கள். செஸ் கூட்டமைப்பு புது ஆளுக்கு 20-க்குப் பதில் 40 வைக்கிறது, எதிராளிக்கு அவருடைய பழைய அளவுதான். நாங்களும் முதல் 20 ஆட்டத்துக்கு அப்படியே செய்தோம். 1500-உம் 1500-உம் மோதினால் புதியவருக்கு 20 கூடும், தோற்றவருக்கு 10 மட்டும் குறையும். அவர் சீக்கிரம் தன் இடத்துக்குப் போய்விடுவதால் அடிபடுபவர்களும் குறைவு.

மூன்றாவதாக கிளிக்கோ. மார்க் கிளிக்மன் செய்தது. புள்ளியோடு, அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று இன்னொரு எண்ணும் வைத்திருக்கும். ஆடாமல் இருந்தால் நம்பிக்கை குறையும். லீசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் ஓடுவது இதன் அடுத்த பதிப்பு. நல்ல முறைதான். ஆனால் 14 பேருக்கு, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு? என் கைக்கு ஆகாது.

ஏணியில் இருந்த ஒரு நல்ல குணத்தை மட்டும் ஈலோ கொண்டுவரவில்லை. ஏணியில் சவாலை ஏற்றே தீரவேண்டும். இங்கே 1640-ஐத் தொட்ட எங்கள் முதல் ஆள், இரண்டு மாதம் பவுடர் போடுவதோடு நிறுத்திக்கொண்டார். ஆடினால்தானே குறையும்! அதனால் ஏணியிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கினோம்: 30 நாள் ஆடாதவரின் அட்டையைத் திருப்பி மாட்டுவது. புள்ளி போகாது, பெயர்தான் தெரியாது.

அட்டையைத் திருப்பிய அடுத்த ஞாயிறே வந்து உட்கார்ந்தார். 1560-இல் இருந்த பையனிடம் தோற்று 12 புள்ளி விட்டார். "கணக்கு சரிதானா, இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். 12-தான்.