முன் பிரேக்கில் ஏர் பிடித்தால்: என் பைக்கில் பார்த்தது

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தினமும் ஓடும் என் 150 சிசி பைக்கில் முன் டிஸ்க் பிரேக்கைத்தான் அதிகம் நம்புகிறேன். தவளக்குப்பத்தில் முன்னால் போகும் பஸ் சட்டென நின்றாலும் இரண்டு விரல் அழுத்தம் போதும். பல வருஷமாகக் குறை இல்லை. ஹோஸில் வெடிப்பு விழுந்து புதிதாக மாற்றிய பிறகுதான் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில் கிரிப் வரை வந்தது.

காரணம், புது ஹோஸுக்குள் தங்கிவிட்ட காற்று. பிரேக் ஆயில் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. அதனால் லீவரில் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்தில் பேடை டிஸ்கோடு இறுக்கும் காலிப்பருக்குப் போகும். காற்று அப்படியில்லை. அழுத்தம் பத்து மடங்கானால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். லீவரை ஒருமுறை முழுதாக அழுத்தினாலே அதை ஒட்டியுள்ள மாஸ்டர் சிலிண்டர் தள்ளுவது ஏறக்குறைய ஒரு மில்லி ஆயில்தான். லைனில் அரை மில்லி காற்று இருந்தால், அந்தத் தள்ளலில் பாதி அதைச் சுருக்குவதற்கே போய்விடும். பேடை டிஸ்கில் இறுக்க மிச்சம் என்ன இருக்கும்?

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் லீவரை வேகமாக நாலு முறை அழுத்திப் பார்த்தார். கெட்டியானது. கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் பழையபடி அமுங்கியது. “ஏர்தான் தம்பி, எடுத்துடலாம்” என்றார்.

மாஸ்டர் சிலிண்டர் மேலே உள்ள ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து புது டாட் 4 பிரேக் ஆயிலை நிரப்பினார். காலிப்பர் மேலே காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, அதன் மேல் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கினார். நான் லீவரை அழுத்திப் பிடிக்க, அவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தார். டியூபில் ஆயிலோடு குமிழ்கள் ஓடின, லீவர் கிரிப்பைத் தொட்டது. அவர் நிப்பிளை மூடிய பிறகே நான் லீவரை விட்டேன். இந்த வரிசை மாறக் கூடாது. திறந்திருக்கும்போது லீவரை விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அதேபோல மேலே டப்பாவில் ஆயில் குறைந்தால், அங்கிருந்தே புதுக் காற்று இறங்கும். அதனால் இடையிடையே ஊற்றிக்கொண்டே இருந்தார்.

டியூபில் குமிழ் நின்ற பிறகும் லீவர் முழுத் திருப்தியாக இல்லை. காற்று மேலே ஏறும் குணமுள்ளது, மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய ஹோஸ் போல்ட்தான் லைனில் உயரமான இடம். அங்கே ஒளிந்திருந்ததை, லீவரைத் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டும் மெல்லத் தட்டித் தட்டி டப்பா வழியே வெளியேற்றினார். பொடிக் குமிழ்களாக மேலே வந்தன. அப்புறம் லீவர் பாதி தூரத்திலேயே கல்லாக நின்றது.

பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும், டேங்கில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

லீவரை அழுத்தியே பிடித்திருக்கும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் அது ஏர் இல்லை. எங்கேயும் ஆயில் கசிவு தெரியாவிட்டால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் சரியாகாது, சீலைத்தான் மாற்ற வேண்டும்.