முன்சுவருக்குக் கல் ஒட்டலாமா, செங்கல் டைலா?

வீட்டு முகப்புக்குக் கல் ஒட்டலாமா, செங்கல் டைல் ஒட்டலாமா என்று கேட்டால், கடையில் அட்டையில் ஒட்டி வைத்திருக்கும் சாம்பிளைக் காட்டுவார்கள். அதில் இரண்டும் அழகுதான். வித்தியாசம் தெரிவது இணைப்பில்: மழைத்தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதில்.

12 அடி அகலம், 10 அடி உயரம், நடுவில் 4க்கு 4 அடி ஜன்னல் உள்ள மேற்குச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் போக 104 சதுர அடி.

கல் என்றால் இப்போது பெரும்பாலும் ஒட்டப்படுவது, மெல்லிய கல் பட்டைகளை அடுக்கி ஒட்டிய 6க்கு 24 அங்குலப் பலகை. ஒரு பலகை ஒரு சதுர அடி. இடைவெளி விடாமல் பக்கத்தில் பக்கம் ஒட்டுவதால், இணைப்புகளைக் கலவையால் நிரப்பும் பாயிண்டிங் வேலையே இல்லை. நாள் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் மழைச்சாரல் பட்டைகளின் இடுக்கு வழியாக நேராகப் பின்னால் போகும். அதனால் கல் ஒட்டும் சுவரில் பூச்சு உறுதியாக இருக்க வேண்டும், அதன்மேல் சிமென்ட் அடிப்படையிலான நீர்த்தடுப்புப் பூச்சும் வேண்டும். கல்தான் மழையைத் தடுக்கும் என்று நம்பி அதை விட்டுவிட்டால், ஐப்பசி மழைக்கு உள் சுவரில் ஈரம் தெரியும்.

செங்கல் டைல் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம், முக்கால் அங்குலக் கனம். 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் சுவர்ப் பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இணைப்புதான். நம் சுவருக்குச் சுமார் 475 டைல் ஆகும். அந்த இணைப்புகளை நிரப்ப மட்டும் ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் கலவை போகும். மதிப்பீட்டில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கூலியிலும் பாயிண்டிங்குக்கென்று தனியாக நாள் ஒதுக்க வேண்டும்.

பாயிண்டிங்கைக் கரணையால் அள்ளித் திணித்தால் டைல் முகமெல்லாம் சிமென்ட் கறை. கேக்குக்குக் கிரீம் பிழிவது போலப் பையில் வைத்துப் பிழிவதே சுத்தம். கலவை கையில் ஒட்டாத அளவுக்கு இறுகிய பிறகு கம்பியால் உள்பக்கம் லேசாகக் குழிந்து வரும்படி அழுத்தி இழுக்க வேண்டும், காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிட வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் கறை டைலின் துளைகளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள், அது இணைப்பையும் அரிக்கும். நிழல் விழுந்தால் அழகு என்று இணைப்பை ஆழமாகச் சுரண்டி விடச் சொல்பவர்கள் உண்டு. மழை விழும் சுவரில் வேண்டாம். ஒவ்வொரு டைலின் மேல் விளிம்பும் தண்ணீர் நிற்கும் திண்ணையாகிவிடும்.

பசையில் இரண்டுக்கும் ஒரே விதி: பெயிண்டின் மேல் ஒட்டக்கூடாது, பூச்சு தெரியும்வரை கொத்த வேண்டும். செங்கலின் முதுகு ஓரளவு சமமாக இருப்பதால் இருபது கிலோ மூட்டை மூன்று போதும். கல்லின் முதுகு மேடுபள்ளமானது. சுவரிலும் தடவி, கல் முதுகிலும் தடவ வேண்டியிருப்பதால் நான்கைந்து மூட்டை ஆகும். கொத்தனார் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் தண்ணீர் தேங்கும். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஒட்டிய சில நிமிடங்களில் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள்; முதுகு முழுக்கப் பசை இருக்க வேண்டும். மேற்கு வெயிலில் சுவரில் தடவிய பசை சீக்கிரம் ஆடை கட்டும், தொட்டால் விரலில் ஒட்டாது. அப்படியானால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். அதனால் இந்தச் சுவரில் காலை வேலைதான் நல்லது.

சேதாரத்தில் செங்கல் தெளிவாக முந்துகிறது. எல்லாம் ஒரே அளவு என்பதால் ஒரு வரிசையில் முக்கால் துண்டு வெட்டினால் மிச்சக் கால் துண்டு அடுத்த வரிசைக்கு ஆகும். 10 அடி உயரத்துக்கு 36 வரிசை, இணைப்பை 10 மில்லிமீட்டரிலிருந்து சுமார் எட்டரை மில்லிமீட்டராகச் சுருக்கினால் மேலே வெட்டே இல்லாமல் முடியும். வேலை தொடங்குமுன் குச்சியில் இந்த அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்கினால் போதும். கல்லில் வண்டியில் உடைந்தது, ஓரம் பிளந்தது, நிறம் ஒத்துவராதது எல்லாம் கழியும். ஜன்னல் ஓரத்திலும் மூலையிலும் வெட்டிய துண்டு வேறெங்கும் பொருந்தாது. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வைக்க வேண்டும்.

மேற்கிலும் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்திலும் நான் செங்கல் டைலைத்தான் சொல்வேன். கல்லை வாசல் தூணுக்கும், சன்ஷேடு நிழலில் இருக்கும் சின்னப் பரப்புக்கும் வையுங்கள். அங்கேயும் பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், அது உரியும். கல்லுக்குள் ஊறி, ஆவியை வெளியே விடும் சீலர் போதும். கல்லில் தெளித்த தண்ணீர் முத்தாக நிற்காமல் கறுத்து ஊறினால், மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது.