‘இரைச்சல் நீக்கும்’ என்று அச்சிட்ட பெட்டியை நம்பி இயர்பட்ஸ் வாங்க வேண்டாம்

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் ஒரு கைப்பேசிக் கடையில், தொலைநிலைக் கல்வியில் முதலாண்டு படிக்கும் என் தங்கைக்காக அண்மையில் 480 ராண்ட் கொடுத்து இயர்பட்ஸ் வாங்கினோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வாகனப் பட்டறை இருக்கிறது. அதன் காற்றழுத்த இயந்திரம் பகல் முழுவதும் உறுமிக்கொண்டே இருக்கும். இணைய வகுப்பு கேட்கவும் தேர்வுக்குப் படிக்கவும் அந்த உறுமல் குறைய வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் தெளிவாகவே சொன்னோம். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்த ‘இரைச்சல் நீக்கம்’ என்ற வாசகத்தை அவர் காட்டி, இதுவே போதும் என்றார். வீட்டில் அணிந்தபோது உறுமல் அப்படியே கேட்டது. பெட்டியின் பின்புறத்தைப் படித்த பிறகுதான் ஏமாற்று விளங்கியது: அங்கே சிறிய எழுத்தில் ஈ.என்.சி. என்று மட்டுமே இருந்தது. எங்களுக்கு வேண்டியதோ ஏ.என்.சி.

ஏ.என்.சி. என்பது, வெளியிலிருந்து வரும் ஓசையை ஒலிவாங்கியால் பிடித்து, அதற்கு நேர்மாறான ஒலியலையை உருவாக்கி, அணிந்திருப்பவரின் காதுக்குள் இரைச்சலைத் தணிக்கும் ஏற்பாடு. ஈ.என்.சி. என்பதோ, நாம் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள சத்தம் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காதபடி வடிகட்டுவது. அது நம் காதுக்கு எதையும் செய்வதில்லை. மலிவான இயர்பட்ஸ் பெட்டிகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கடையிலேயே இதைச் சோதிக்கலாம்: பாட்டு எதையும் ஒலிக்கவிடாமல், மின்விசிறிக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ அருகில் நின்று அணிந்துகொண்டு, ஏ.என்.சி. முறையை இயக்கியும் நிறுத்தியும் பாருங்கள். உறுமல் தணிந்தும் எழுந்தும் கேட்க வேண்டும். அப்படி இயக்கி நிறுத்தும் வசதியே இல்லையென்றால், அது ஏ.என்.சி. இல்லை என்றே கொள்ளுங்கள்.

உண்மையான ஏ.என்.சி.யும் விசிறி, இயந்திரம் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஓசையைத்தான் நன்றாகக் குறைக்கும். பக்கத்து அறைப் பேச்சையும் தொலைக்காட்சியையும் அவ்வளவாகக் குறைக்காது. அவற்றைத் தடுப்பதில், காதுத் துளையை நன்றாக அடைக்கும் சிலிக்கான் முனையே பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே, கையில் பணம் குறைவாக உள்ள மாணவர் முதலில் கவனிக்க வேண்டியது, வெவ்வேறு அளவு முனைகள் உடன் வருகின்றனவா, அவற்றுள் ஒன்று தம் காதுக்கு நெருக்கமாகவும் வலியில்லாமலும் பொருந்துகிறதா என்பதையே. வீட்டில் பேச்சுச் சத்தம் மட்டுமே தொல்லை என்றால், ஏ.என்.சி.க்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வகுப்பு தொடங்கியதும் தங்கைக்கு இன்னொரு தொல்லை வந்தது. கடையில் பாட்டுக் கேட்டபோது தெளிவாக இருந்த ஒலி, கூட்டச் செயலியில் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கிய உடனேயே பழைய தொலைபேசிக் குரல்போல் மங்கிவிட்டது. இதற்குக் கடைக்காரர் பொறுப்பல்லர். வழக்கமான புளூடூத்தில் கேட்பதற்கு மட்டும் ஒரு வழியும், பேசிக்கொண்டே கேட்பதற்கு வேறொரு வழியும் உண்டு. இரண்டாவது வழியில் ஒலியின் தரம் வெகுவாகக் குறையும், இருபக்க ஒலியும் ஒன்றாகிவிடும். விண்டோஸ் 10 கணினியில் ஒரே இயர்பட்ஸ் `Stereo` என்றும் `Hands-Free AG Audio` என்றும் இரு பெயர்களில் தெரிவது இதனால்தான். கூட்டச் செயலியின் ஒலி அமைப்பில் ஒலிபெருக்கியாக `Stereo` என்பதையும், ஒலிவாங்கியாக மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியையும் தேர்ந்தெடுத்ததும் விரிவுரையாளரின் குரல் தெளிந்தது. மடிக்கணினியில் நல்ல ஒலிவாங்கி இருப்பவர்கள், இயர்பட்ஸின் ஒலிவாங்கித் தரத்துக்காகப் பணத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். வகுப்பில் அடிக்கடி பேச வேண்டியவர்களுக்கு, ஒலிவாங்கியுடன் கூடிய கம்பி இயர்போன் இன்னும் மலிவு. அதில் இந்தத் தரக்குறைவும் இல்லை, மின்னேற்றும் வேலையும் இல்லை.

அட்டைப்பெட்டியில் காணும் ‘30 மணி நேரம் இயங்கும்’ போன்ற கணக்கு, பெரும்பாலும் இயர்பட்ஸை வைத்து மின்னேற்றும் சிறு பெட்டியையும் சேர்த்தது. ஒருமுறை ஏற்றினால் எத்தனை மணி நேரம் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அந்தப் பலகை செல்லாது. எந்தப் பயனுக்காக வாங்குகிறோம் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லி வாங்கிய பொருள் அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி இல்லாவிட்டால் 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்றும், பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம் என்றும் 56ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகே பணம் திரும்பி வந்தது. நாங்கள் வாய்மொழியாகச் சொன்னதைக் கடைக்காரர் முதலில் மறுத்தார் என்பதால், ‘இரைச்சலுக்கிடையே இணைய வகுப்பு கேட்பதற்காக’ என்ற ஒரு வரியை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.