ஒரே ஸ்கிரிப்ட், நாலு நாட்டுத் தமிழ்: எதை மாற்றலாம், எதை விடலாம்?

டெங்கு பற்றி மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாலு இடத்திலும் டெங்கு இருக்கிறது, தமிழில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்ல வேண்டிய மருத்துவ விஷயம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் வரியிலேயே இடிக்கும். சென்னையில் கொசு, யாழ்ப்பாணத்தில் நுளம்பு.

இதற்கு வழக்கமாக நாலு வழிகளைச் சொல்வார்கள்.

முதலாவது, செய்தி வாசிக்கிற மாதிரி எழுத்துத் தமிழில் ஒரே ஸ்கிரிப்ட். செலவு குறைவு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 'நீர் தேங்கும் கலன்களை அப்புறப்படுத்தவும்' என்று கேட்கும்போது எந்த நாட்டுக்காரருக்கும் அது தன்னிடம் பேசுகிற குரலாகப் படாது. திரையில் எழுத்தாக வரும் எச்சரிக்கைக்கு இது சரி. மூன்று நிமிடமும் இப்படியே ஓடினால் பாதியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, தமிழ்நாட்டுப் பேச்சுத் தமிழிலேயே எல்லோருக்கும். சினிமாவும் சீரியலும் பார்த்துப் பழகியதால் இலங்கையிலும் மலேசியாவிலும் நம் பேச்சு புரியும் என்பது உண்மை. மறுபக்கம் அவ்வளவு எளிதல்ல. 'நுளம்பு' தமிழ்நாட்டில் பலருக்குப் புரியாது. இந்த ஒருவழிப் பழக்கத்தை நம்பித்தான் பெரும்பாலானவர்கள் இந்த வழிக்குப் போகிறார்கள். இதில் எனக்குப் பயம் தெரியாத சொல்லைப் பற்றியது அல்ல. தெரியாத சொல் வந்தால் பார்ப்பவர் முகத்தைச் சுளிப்பார், நமக்கும் தெரிந்துவிடும். தெரிந்த சொல்லே வேறு பொருளில் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது.

கிழமை என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அது திங்கள், செவ்வாய் போன்ற நாள். இலங்கையில் 'போன கிழமை' என்றால் போன வாரம். இப்போது ஸ்கிரிப்டில் 'ஒரு கிழமையை முடிவு பண்ணிக்கிட்டு தண்ணித் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவுங்க' என்று எழுதினால், இலங்கைக் காதுக்கு 'ஏதோ ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்துக் கழுவுங்க' என்று விழலாம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால்தான் வாராவாரம் கழுவச் சொல்கிறோம். அந்தக் கணக்கே இங்கே போய்விடுகிறது. 'வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு மாதிரி ஒரு நாள்ல' என்று மாற்றினால் நாலு நாட்டுக்கும் ஒரே பொருள்.

'வருத்தம்' இன்னொரு பொறி. 'அவருக்கு வருத்தம்' என்றால் நமக்கு மனக்கஷ்டம், இலங்கையில் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். நோயைப் பற்றிய வீடியோவில் இந்தச் சொல்லைத் தொடாமலே இருப்பது நல்லது.

மூன்றாவது வழி, நாட்டுக்கு ஒரு முழு ஸ்கிரிப்ட், தனிக் குரல், தனிப் பதிவு. கேட்க மிக இயல்பாக இருக்கும். ஆனால் மருத்துவர் சரிபார்ப்பது நாலு மடங்கு, பிறகு ஒரு வரியைத் திருத்தினாலும் நாலு கோப்பிலும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போவது நிச்சயம். அதைவிட, 'இலங்கைத் தமிழ்' என்று ஒன்றைத் தேர்வதே சுலபமில்லை. 'போங்கோ' என்று எழுதினால் அது வடக்கின் பேச்சு. மட்டக்களப்பும் மலையகமும் அப்படிப் பேசுவதில்லை. யாழ்ப்பாணப் பேச்சு தெரியாதவர் அதை நடித்துக் காட்டினால் வரும் எரிச்சல், மதுரைக்காரர் முன்னால் சினிமா மதுரைத் தமிழ் பேசினால் வருவதைவிட அதிகம்.

நான் தேர்வது நாலாவது வழி. ஒரே மூல ஸ்கிரிப்ட், அதில் மாறவேண்டிய வரிகளை மட்டும் தனியே குறித்து, நாட்டுக்கு நாடு மாற்றிப் பதிவது. இதற்கு ஒரு கட்டாயக் காரணமும் உண்டு. ஆம்புலன்ஸ் எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. ஆக, என்ன செய்தாலும் ஒரே வீடியோ நாலு நாட்டுக்கும் அப்படியே பொருந்தப்போவதில்லை. எண்ணை மாற்றத்தானே போகிறோம், கூடவே சொல்லையும் மாற்றிவிடலாம்.

முக்கியமான ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். மூலம் இது:

'காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. அடுத்த ரெண்டு நாள்தான் கவனமா பாக்கணும். வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், இதுல ஒண்ணு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ வேண்டாம்.'

இலங்கைக்கு: 'வயித்து நோ, விடாமல் சத்தி, முரசில ரத்தம்'. வாந்தி சத்தி ஆகிறது, ஈறு முரசு ஆகிறது. பாராசிட்டமால் என்று சொல்லி, பனடோல் என்ற பெயரையும் சேர்க்க வேண்டும். அங்கே அந்தப் பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள். மலேசியா, சிங்கப்பூருக்கு இந்தப் பத்தியில் பனடோல் தவிர மாற்ற ஒன்றுமில்லை. அங்கே மாற்றம் வேறு வரிகளில் வரும்: நர்ஸ் என்ற இடத்தில் தாதி, செல்போன் என்ற இடத்தில் கைத்தொலைபேசி, செலவைச் சொன்னால் ரூபாய் என்ற இடத்தில் வெள்ளி. இந்த 'வெள்ளி'யைத் தமிழ்நாட்டுப் பதிப்பில் தவறி விட்டுவிட்டால் கிழமை என்றோ கொலுசு என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

ஆக மொத்த ஸ்கிரிப்டில் மாறுவது கொஞ்ச வரிகள்தான். ஆனால் அதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மாறும் சொல் வரும் இடத்தில் பேசுபவரின் முகம் திரையில் இருக்கக் கூடாது; நுளம்பு, தொட்டி, மாத்திரை அட்டை என்று பொருளைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் உதடு ஒட்டவில்லை என்ற பேச்சே வராது. திரை எழுத்தையும் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடாமல், எழுத்தில்லாத மூலப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குரலும் பின்னணி இசையும் தனித்தனி டிராக்கில் இருக்கட்டும். சப்டைட்டில் கோப்புகளுக்கு இப்படிப் பெயர் வைத்தால் குழப்பம் இல்லை:

```
dengue.ta-IN.srt
dengue.ta-LK.srt
dengue.ta-MY.srt
dengue.ta-SG.srt
```

கனடாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் தமிழருக்கு எது என்றால், அங்கே பெரும்பாலும் இலங்கையிலிருந்து போனவர்கள் என்பதால் இலங்கைப் பதிப்பையே கொடுத்து, அவசர எண்ணை மட்டும் மாற்றுங்கள். இதில் நாட்டுப் பட்டியலும் பேச்சுப் பட்டியலும் ஒன்றல்ல.

சோதிக்கும்போது 'புரிஞ்சுதா?' என்று கேட்பது வீண். எல்லோரும் ஆமா, ஓம் என்றுதான் சொல்வார்கள். 'வீட்டில அம்மாவுக்கு இதைச் சொல்லணும், எப்படிச் சொல்வீங்க?' என்று கேளுங்கள். நம் ஸ்கிரிப்டில் இருந்த சொல்லை விட்டுவிட்டு அவர் வேறு சொல்லைப் போட்டால், அதுதான் மாற்ற வேண்டிய இடம். தொட்டி கழுவும் வரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று திருப்பிச் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

இந்த வழி கதைக்கு உதவாது. இருவர் முகம் பார்த்துப் பேசும் நாடகத்தில் அத்தை மாமியாக வேண்டும், 'பேசு' 'கதை'யாக வேண்டும், ஒவ்வொரு வினைமுடிவும் மாறும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் சென்னைக்காரர் யாழ்ப்பாணச் சொல்லை மனப்பாடம் செய்த மாதிரி இருக்கும். கதை என்றால் மூன்றாவது வழிதான்: அந்த ஊர்க்காரரையே எழுத வைத்து, அந்த ஊர்க்காரரையே பேச வைக்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் கதையை விட்டுவிட்டு, படத்தின் மேல் குரல் ஓடும் வடிவத்துக்கே ஸ்கிரிப்டை மாற்றிக்கொள்ளலாம்.